பேக்கரும் பம்பும்: பாறைத் துளைக்குப் புதிதாய் வருவோருக்குச் சில சொற்கள்

பாறைக்குள் தண்ணீர் எவ்வளவு எளிதாக ஓடும் என்று களத்தில் அறிய இரண்டு வழிகள் உண்டு. துளையின் ஒரு பகுதியைப் பேக்கரால் அடைத்து, அதற்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்திப் பார்ப்பது ஒன்று. கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்து, சுற்றியுள்ள துளைகளில் மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டிலும் கடைசியில் ஓர் எண் கிடைக்கும். புதியவர்கள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேராக அறிக்கைக்குப் போய்விடுகிறார்கள். எண் வந்து சேர்ந்த விதத்தை, அதாவது அளவீடுகள் வரிசையில் கூடியதா குறைந்ததா, கோடு எங்கே வளைந்தது என்பதைப் பார்ப்பதில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

1. துளையைக் கழுவாமல் சோதனையைத் தொடங்க விடாதீர்கள். துளையிடும்போது வரும் பாறைத் தூள் வெடிப்புகளின் வாயில் படிந்திருக்கும். அதோடு சோதித்தால் பாறை உண்மையைவிட இறுக்கமாகத் தெரியும். அடியிலிருந்து வரும் தண்ணீர் தெளியும் வரை கழுவச் சொல்லுங்கள். பேக்கர் சோதனை செய்யப்போகும் துளையில் பென்டோனைட் கலந்த சேறு போகவே கூடாது. இந்த இரண்டையும் துளையிடும் ஆட்கள் விரும்ப மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கூலி மீட்டர் கணக்கில். பக்கத்தில் நிற்க வேண்டியது நீங்கள்தான்.

பேக்கரையும் நம்பிவிடாதீர்கள். முதலில் அதைக் கேசிங் குழாய்க்குள்ளேயே ஊதவைத்து, கீழ்முனையை அடைத்து அழுத்தம் கொடுங்கள். மீட்டர் நகரக் கூடாது. நகர்ந்தால் ரப்பரிலோ இணைப்பிலோ கசிவு இருக்கிறது. துளைக்குள் இறக்கிய பிறகு, பேக்கருக்கு மேலே உள்ள நீர்மட்டத்தைச் சோதனை முழுவதும் அளந்துகொண்டே இருங்கள். அழுத்தம் ஏற ஏற அந்த மட்டமும் ஏறினால், நீங்கள் பாறைக்குள் செலுத்துவதாக நினைக்கும் தண்ணீர் பேக்கரைச் சுற்றி மேலே வந்துகொண்டிருக்கிறது. கரடுமுரடான சுவரில் இது அடிக்கடி நடக்கும். பேக்கரை அரை மீட்டர் மேலே ஏற்றி, கோர் நன்றாக இருக்கும் இடத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தண்ணீர் துளிகூடப் போகவில்லை என்றால் உடனே ‘இறுக்கமான பாறை’ என்று எழுதிவிடாதீர்கள். துளையிட்ட குழாயின் ஓட்டைகள் அடைபட்டிருந்தாலும் மீட்டர் அசையாது.

2. கேஜ் காட்டுவது பாறை உணரும் அழுத்தம் அல்ல. கேஜ் தரைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து நிலத்தடி நீர்மட்டம் வரை குழாயில் நிற்கும் தண்ணீர்த் தூணும் பாறையை அழுத்துகிறது. ஆகவே கேஜ் அழுத்தத்தோடு அந்தத் தூணின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். நீர்மட்டம் சோதனைப் பகுதிக்கும் கீழே இருந்தால், சோதனைப் பகுதியின் நடுப்புள்ளி வரை கணக்கெடுக்க வேண்டும். பத்து மீட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 1 பார்.

நீர்மட்டத்தைக் காலையில், துளையிடும் வேலை தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள். வேலை நடக்கும்போது துளையில் நிற்பது பெரும்பாலும் நாம் ஊற்றிய தண்ணீர்.

இதை விட்டால் என்ன ஆகும் என்பதை நான்காம் எண்ணில் காட்டுகிறேன்.

3. கூட்டியதைப் போலக் கழிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. தண்ணீர் குறுகிய குழாயில் வேகமாக ஓடும்போது உராய்விலேயே அழுத்தத்தின் ஒரு பங்கு போய்விடும். குறைந்த ஓட்டத்தில் இது பெரிதல்ல. நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது லிட்டர் ஓடும் வெடிப்புப் பாறையில் இதை விட்டால் கணக்கு கெட்டுவிடும். கெடும் திசையைக் கவனியுங்கள்: அழுத்தத்தை அதிகமாக எழுதுவதால் ஊடுருவுதிறன் குறைவாக வரும். தண்ணீர் அதிகம் ஓடும் பாறையையே நல்ல பாறை என்று காட்டிவிடும். புத்தக அட்டவணையைவிட நல்ல வழி, அதே குழாய்களை அதே இணைப்புகளோடு தரையில் நீளமாகப் போட்டு, பல ஓட்டங்களில் தண்ணீர் விட்டு, இரு முனைகளிலும் கேஜ் வைத்து இழப்பை அளந்துகொள்வது. அரை நாள் வேலை, அந்த முகாம் முழுக்கப் பயன்படும்.

4. இனி முக்கியமான விஷயம். சுவிட்சர்லாந்துப் புவியியலாளர் மோரிஸ் லூஜான் அணைகளையும் புவியியலையும் பற்றி 1933-ல் எழுதிய நூலில் தந்த அலகைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். 10 பார் அழுத்தத்தில், சோதனைப் பகுதியின் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் போனால் அது 1 லூஜான். அவ்வளவு அழுத்தத்தை ஆழம் குறைந்த துளையில் கொடுக்க முடியாது. கொடுத்தால் பாறையே தூக்கிக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் சோதித்து, 10 பாருக்கு விகிதப்படுத்துகிறோம். லிட்டர், நிமிடம், மீட்டர், பார் அலகுகளில் சூத்திரம் இவ்வளவுதான்:

Lu = 10 Q / (P L)

ஒரே அழுத்தத்தில் சோதித்துவிட்டு வந்துவிடக் கூடாது. சிறிது, நடுத்தரம், அதிகம், மறுபடி நடுத்தரம், மறுபடி சிறிது என்று ஐந்து படிகள். ஒவ்வொரு படியிலும் ஓட்டம் நிலைப்படும் வரை, பத்து நிமிட அளவுக்கு, தண்ணீர் விட வேண்டும். ஏறிய வழியிலேயே இறங்கி வருவதில்தான் இந்தச் சோதனையின் பயன் முழுவதும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பொறியாளர் ஹவுல்ஸ்பி 1976-ல் வெளியிட்ட கட்டுரை, இந்த ஐந்து எண்களின் வடிவத்தை வைத்துப் பாறையைப் படிக்கும் முறையை ஒழுங்குபடுத்தித் தந்தது.

ஒரு சோதனையை வைத்துப் பார்ப்போம். அணை அஸ்திவாரத்தில், சார்னோகைட் பாறையில், 76 மி.மீ. விட்டமுள்ள செங்குத்துத் துளை. சோதனைப் பகுதி 21 முதல் 24 மீட்டர் வரை, நீளம் 3 மீட்டர். நீர்மட்டம் தரையிலிருந்து 6 மீட்டர் கீழே, கேஜ் தரைக்கு 1 மீட்டர் மேலே. ஆக, கூட்ட வேண்டியது 7 மீட்டர் தண்ணீர், 0.7 பார். ஓட்டம் குறைவு என்பதால் உராய்வை விட்டுவிடலாம். உச்ச அழுத்தத்துக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: ஆழம் மீட்டருக்கு 0.23 பார். 21 மீட்டருக்கு அது 4.8 பார் வருகிறது. நாம் 4 பாரில் நிறுத்துகிறோம்.

கேஜ் அழுத்தம் 1, 2.5, 4, 2.5, 1 பார். தூணைக் கூட்டினால் 1.7, 3.2, 4.7, 3.2, 1.7 பார். மீட்டரில் படித்த ஓட்டம் வரிசையாக நிமிடத்துக்கு 3.1, 6.8, 15.5, 11.4, 6.2 லிட்டர். லூஜான் கணக்கிட்டால் 6.1, 7.1, 11.0, 11.9, 12.2.

சராசரி 9.7. அதைத்தான் பலர் எழுதுவார்கள். ஆனால் எண்களை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஏறும்போது ஆறு, ஏழு. உச்சத்தில் பதினொன்று. இறங்கும்போது அது திரும்பி ஆறுக்கு வரவில்லை, பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது. முதல் படியிலும் கடைசிப் படியிலும் அழுத்தம் ஒன்றுதான். போன தண்ணீர் மட்டும் இரண்டு மடங்கு. இடையில் பாறைக்குள் ஏதோ நிரந்தரமாக மாறியிருக்கிறது. வெடிப்பில் அடைத்திருந்த களிமண்ணோ, மக்கிப்போன பொருளோ தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. இதைக் கழுவிச்செல்லல் என்போம்.

சந்தேகம் வந்தால் கோர் பெட்டிக்குப் போங்கள். 21 முதல் 24 மீட்டர் வரை உள்ள கோரை எடுத்து, வெடிப்பு முகங்களைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துருப்பிடித்த பழுப்புக் கறையும், விரலில் ஒட்டும் களிமண் படலமும், பக்கத்திலேயே சில சென்டிமீட்டர் கோர் காணாமல் போயிருப்பதும் தெரிந்தால் கதை சேர்ந்துவிட்டது. பேக்கருக்கு மேலே உள்ள மட்டம் அசையவில்லை என்பதையும் பதிவேட்டில் சரிபாருங்கள். பேக்கர் பாதியில் நழுவினாலும் எண்கள் இதே மாதிரிதான் ஏறும்.

இங்கே எழுத வேண்டிய எண் 12. அணையில் தண்ணீர் நிறைந்ததும் அதே களிமண்ணை அதுவும் கழுவ முயலும், அவசரமில்லாமல், ஆண்டுக்கணக்கில். சோதனை அந்த நிலையை முன்கூட்டியே காட்டியிருக்கிறது. இன்னொன்றும் இதிலிருந்து வரும்: களிமண் இருக்கும் வெடிப்பில் சிமென்ட் கலவை நுழையாது. கிரவுட்டிங் செய்யும் முன் அந்தப் பகுதியைக் கழுவ வேண்டும் என்று அறிக்கையில் சொல்ல வேண்டும். 9.7 என்று எழுதியவருக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

இப்போது நீர்த்தூணை மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். கேஜ் அழுத்தத்தை மட்டும் வைத்தால் அதே ஓட்டங்கள் 10.3, 9.1, 12.9, 15.2, 20.7 லூஜான் ஆகும். கடைசி எண் எழுபது சதவீதம் மிகைபட்டுவிட்டது. அதைவிட மோசம், வடிவமே மாறிவிட்டது. குறைந்த அழுத்தப் படிகளில்தான் தூணின் பங்கு பெரிது என்பதால் பிழை எல்லாப் படிகளிலும் ஒரே அளவில் இல்லை.

5. மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கழுவிச்செல்லலைப் புரிந்துகொண்டால் இவை தாமே வரும். ஐந்தும் ஏறக்குறைய சமம் என்றால் ஓட்டம் சீரானது, அங்கே மட்டும் சராசரி எடுக்கலாம். உச்ச அழுத்தத்தில் லூஜான் குறைந்து, இறங்கும்போது பழைய அளவுக்கு வந்தால் ஓட்டம் கொந்தளிப்பானது, உச்சப் படியின் எண்ணை எடுக்க வேண்டும். (உராய்வைக் கழிக்க மறந்தாலும் அச்சு அசலாக இதே வடிவம்தான் வரும், அதனால்தான் மூன்றாம் எண்ணை அழுத்திச் சொன்னேன்.) உச்சத்தில் மட்டும் எகிறி, மறுபடி பழையபடி அடங்கினால், நம் அழுத்தம் வெடிப்பைத் திறந்து மூடியிருக்கிறது. அது பாறையின் இயல்பு அல்ல, நாம் செய்தது. சிறிய, நடுத்தரப் படிகளில் கிடைத்த குறைந்த எண்ணை எடுங்கள். படிக்குப் படி குறைந்துகொண்டே போனால், எங்கும் இணையாத வெடிப்புகள் நிறைந்துகொண்டிருக்கின்றன அல்லது தண்ணீரில் வந்த தூசு அடைக்கிறது. கடைசி எண்ணை எடுக்கலாம். ஆனால் முதலில் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

6. லூஜான் எண் மூன்று மீட்டருக்கும் பங்கிட்டுத் தந்த சராசரி. பாறை அப்படிப் பங்கிட்டு ஓடவிடுவதில்லை. மேலே சொன்ன 12 லூஜானை ஊடுருவுதிறனாக மாற்றினால், அந்தத் துளை அளவுக்கு வினாடிக்குச் சுமார் 1.4×10⁻⁶ மீட்டர். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே ஒரு வெடிப்பு வழியாகப் போயிருக்கலாம். கணக்குப் போட்டால் அதற்கு 0.2 மி.மீ.-க்கும் குறைந்த திறப்பு போதும். அந்த வெடிப்பு மட்டும் இருக்கும் ஒரு மீட்டரைத் தனியே சோதித்திருந்தால் 36 லூஜான் வந்திருக்கும். ஆறு மீட்டர் பகுதியாகச் சோதித்திருந்தால் 6. பாறை ஒன்றேதான். ஆகவே லூஜான் எண்ணைச் சோதனை நீளம் இல்லாமல் யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சந்தேகமான பகுதியில் இரட்டைப் பேக்கர் வைத்துக் குறுகிய நீளத்தில் மறுபடி சோதியுங்கள்.

துளையின் திசையும் இதே அளவு முக்கியம். நம் பக்கத்து சார்னோகைட்டிலும் நைஸிலும் வெடிப்புகள் பல இடங்களில் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். செங்குத்துத் துளை அவற்றுக்கு நடுவே, ஒன்றையும் தொடாமல் இறங்கிவிடும். ஆழம் முழுக்க 1 லூஜானுக்குக் கீழே என்று அழகான பதிவேடு கிடைக்கும். வெளியில் தெரியும் பாறையில் வெடிப்புகளின் சாய்வை அளந்து, அவற்றை வெட்டும்படி சாய்துளைகளும் கேட்டு வாங்குங்கள்.

7. பம்பிங் சோதனைக்கு வருகிறேன். இங்கே பாறையைவிட வெளியுலகம்தான் அதிகம் தொந்தரவு செய்யும். கணக்கு முழுவதும் இறைக்கும் அளவு மாறவில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. வோல்டேஜ் இறங்கினால் அளவு இறங்கும், மட்டம் ஏறும், நீங்கள் அதைப் பாறையின் குணம் என்று படித்துவிடுவீர்கள். ஜெனரேட்டர் வைத்து, வெளியேற்றும் குழாயில் வால்வு போட்டுக் கட்டுப்படுத்துங்கள். மீட்டர் இருந்தாலும் அவ்வப்போது டிரம்மில் பிடித்துப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் 67 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 180 லிட்டர்.

இறைத்த தண்ணீரைத் தொலைவில் கொண்டுபோய் விட வேண்டும். பக்கத்து வாய்க்காலில் விட்டால் சில மணி நேரத்தில் அது ஊறித் திரும்பிவரும், மட்டம் இறங்குவது நின்றுவிடும். அதைப் பார்த்து ‘ஆற்றிலிருந்து ஊட்டம் கிடைக்கிறது’ என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னொரு தனித்தொல்லை, த்ரீ ஃபேஸ் மின்சாரம். அது வந்தவுடன் சுற்றுவட்டாரத்து விவசாய மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடத் தொடங்கும். உங்கள் கண்காணிப்புத் துளையில் மட்டம் ஒரு படி இறங்கும். சோதனைக்கு முன்பே இரண்டு நாள் மட்டத்தை அளந்து வைத்துக்கொண்டால் அந்தப் படிகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று தெரியும்.

இறைக்கும் கிணற்றுக்குள் அளந்த தாழ்வை வைத்துப் பாறையைக் கணக்கிடாதீர்கள். கிணற்றுச் சுவரில் நுழையும்போது ஏற்படும் இழப்பும் அதில் கலந்திருக்கும். கண்காணிப்புத் துளை குறைந்தது ஒன்றாவது வேண்டும்.

8. அளவீடுகளைச் செமி-லாக் தாளில் வரையுங்கள். கிடையில் நேரம், லாக் அளவில். செங்குத்தில் நீர்மட்டத் தாழ்வு. தைஸ் 1935-ல் தந்த கணக்கை கூப்பரும் ஜேக்கபும் 1946-ல் இந்த நேர்க்கோட்டு முறைக்கு எளிமைப்படுத்தினார்கள். நேரம் பத்து மடங்கு ஆகும்போது தாழ்வு எவ்வளவு கூடுகிறதோ அதுதான் Δs:

T = 0.183 Q / Δs

T என்பது நீரேந்துப் படுகையின் முழுத் தடிமனும் சேர்ந்து தண்ணீரைக் கடத்தும் திறன்.

ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 180 லிட்டர், அதாவது நாளுக்கு 259 கனமீட்டர் இறைக்கிறோம். 20 மீட்டர் தொலைவில் கண்காணிப்புத் துளை. அங்கே 50-ஆவது நிமிடத்தில் தாழ்வு 0.99 மீட்டர், 500-ஆவது நிமிடத்தில் 1.89. Δs 0.90 மீட்டர். T நாளுக்குச் சுமார் 53 சதுர மீட்டர். நீர் நிறைந்த சிதைந்த பாறையின் தடிமன் 15 மீட்டர் என்றால் ஊடுருவுதிறன் நாளுக்கு 3.5 மீட்டர். முதல் முக்கால் மணி நேரப் புள்ளிகளைக் கோட்டில் சேர்க்கவில்லை. ஜேக்கபின் எளிமைப்படுத்தல் இந்தத் தொலைவுக்கு அதற்குப் பிறகுதான் பொருந்தும்.

இத்தோடு ஒன்பது மணி நேரத்தில் பம்பை நிறுத்தியிருந்தால் எல்லாம் சுமுகம். மூன்று நாள் ஓட்டியதில் 600 நிமிடத்தை ஒட்டிக் கோடு வளையத் தொடங்கி, பிறகு பத்து மடங்கு நேரத்துக்கு 1.8 மீட்டர் என்ற சாய்வில் போனது. சாய்வு இரண்டு மடங்கு. புதியவர்கள் இங்கே இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார்கள்: எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு இழுப்பார்கள், அல்லது கடைசிப் பகுதியை வைத்து T பாதி என்பார்கள். பாறையின் T மாறவில்லை. தாழ்வின் பரவல் ஒரு பக்கத்தில் தண்ணீர் தராத சுவரில் போய் முட்டியிருக்கிறது. சாய்வு சரியாக இரண்டு மடங்காவது ஒற்றைத் தடுப்புக்கு அடையாளம். முதல் கோட்டை நீட்டினால் அது தாழ்வின் பூஜ்யத்தை 4 நிமிடத்தில் வெட்டுகிறது. இரண்டு கோடுகளும் 600 நிமிடத்தில் சந்திக்கின்றன. 600-ஐ 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 20-ஆல் பெருக்கினால் 245 மீட்டர். கண்ணாடிப் பிம்பம் போலத் தடுப்புக்கு அப்பால் இன்னொரு கிணறு இருப்பதாகக் கொள்ளும் கணக்கு இது. தடுப்பு ஏறக்குறையப் பாதித் தொலைவில், 120 மீட்டரில் இருக்கும். எந்தத் திசையில் என்று ஒரு துளையால் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்தில் நடந்தால், டோலரைட் டைக்கோ சிதையாத பாறை முகடோ கண்ணில் படும்.

பம்பை நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் கடைசிவரை அளந்துவாருங்கள். அப்போது பம்பின் ஏற்ற இறக்கம் இல்லை, எண்கள் சுத்தமாக இருக்கும். மீட்சியில் கிடைக்கும் T, இறைக்கும்போது கிடைத்ததோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் பம்பிங் பதிவேட்டில் ஏதோ சரியில்லை.

9. ஒரே தளத்தில் பேக்கர் ஓர் எண் சொல்லும், பம்பிங் வேறு எண் சொல்லும். மேலே உள்ள கணக்குகளையே எடுங்கள். நாளுக்கு 3.5 மீட்டர் என்பது வினாடிக்கு 4×10⁻⁵ மீட்டர். பேக்கர் தந்ததைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. எது சரி என்று கேட்பவர்கள் உண்டு. பம்பிங் மேலே உள்ள சிதைந்த பாறையை, நூறு மீட்டருக்கும் அப்பால் வரை ஒன்றாகச் சேர்த்து அளந்தது. பேக்கர் அடியில் உள்ள பாறையில், துளையைச் சுற்றிச் சில மீட்டரை மட்டும் தொட்டது. அஸ்திவாரக் குழியிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டும் என்பதற்கு முதல் எண். கிரவுட் திரை எந்த ஆழம் வரை, எந்த இடைவெளியில் என்பதற்கு இரண்டாவது. இவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் எதற்கும் ஆகாது.

10. அறிக்கையில் லூஜானை இரண்டு தசமம் வரை எழுதாதீர்கள். இந்தச் சோதனை அவ்வளவு துல்லியம் தாங்காது. 12.16 என்பதற்குப் பதிலாக ‘12, கழுவிச்செல்லல், 3 மீட்டர், 22.4 மீட்டரில் களிமண் வெடிப்பு’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஐந்து படிகளின் எண்களையும் பின்னிணைப்பில் அப்படியே கொடுங்கள், நீர்மட்டத்தையும் கேஜ் உயரத்தையும் சேர்த்து. பத்து ஆண்டு கழித்துக் கசிவு வந்து யாராவது அந்த அறிக்கையைத் திறந்தால், அவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.